தமிழ் டீச்சர் பணி ஓய்வு பெறுகிறார்: வகுப்புத் தலைவியாக நான்கு நிமிடம் பேச வேண்டும், உரையைப் பார்த்துச் சொல்லுங்கள்

யாழினி_பிறை

எல்லாருக்கும் வணக்கம். நான் செபராங் பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறேன். தமிழ் வகுப்புக்கு நான்தான் தலைவி. எங்கள் தமிழ் டீச்சருக்கு அடுத்த மாதம் அறுபது வயது நிறைகிறது, பணி ஓய்வு பெறுகிறார். மண்டபத்தில் நடக்கும் பிரியாவிடை நிகழ்ச்சியில் மாணவர்கள் சார்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நிமிடம் தருவார்களாம். முதல்வர் மலாய்க்காரர். ஆசிரியர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆனாலும் டீச்சருக்குத் தமிழில்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று வகுப்பில் எல்லாரும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

தொடக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

"கற்றறிந்த சான்றோர்கள் நிறைந்த இந்த அவையிலே, அறியாமை என்னும் இருளை அகற்றி, அறிவு என்னும் ஒளியை ஏற்றி, ஏணியாகவும் தோணியாகவும் இருந்து எங்களைக் கரை சேர்த்து, தன்னையே உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தியாக வாழ்ந்து, இன்று எங்களை விட்டுப் பிரிந்து செல்லும் எங்கள் அன்பு ஆசிரியைக்கு நன்றி கூற வாய்ப்பளித்தமைக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன்."

முழு உரை அறுநூறு சொல் வந்துவிட்டது. எதைக் குறைப்பது என்றே தெரியவில்லை. டீச்சர் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஓர் ஒற்று தவறினாலும் அவர் காதில் விழும், அதுதான் பயமாக இருக்கிறது.

குணா_பட்டர்வொர்த்

தங்கச்சி, தொடக்கம் அருமையா இருக்கு. கைத்தட்டல் நிச்சயம். ஆனா குறள் ஒண்ணுகூட இல்லையே. தமிழ் டீச்சருக்கு நன்றி சொல்றப்போ குறள் இல்லாம எப்படி? "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு" போடுங்க. அப்புறம் ஔவையார் சொன்ன "எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்". இந்த ரெண்டும் இருந்தா உரை எழுந்து நிற்கும். நாங்க படிச்ச காலத்துல எந்த ஆசிரியர் விழாவா இருந்தாலும் இந்த ரெண்டுதான் ஒலிக்கும்.

அம்மணி_நிபோங்தெபால்

யாழினி, நான் தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பேச்சுப் போட்டிகளுக்கு நீதிபதியாகப் போய் நிறையக் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன், வருத்தப்படாதே.

உன் முதல் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார். வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அகற்றி, ஏற்றி, சேர்த்து, உருக்கி, வாழ்ந்து என்று எச்சங்களாகவே போய், மண்டபம் முழுக்க அந்த வினைக்காகக் காத்திருக்கிறது. அது வரும்போது யாருக்கு நன்றி சொல்கிறது? டீச்சருக்கு இல்லை. பேச வாய்ப்புக் கொடுத்த ஏற்பாட்டுக் குழுவுக்கு. டீச்சர் அந்த வாக்கியத்தின் நடுவில் எங்கோ மறைந்து கிடக்கிறார். நன்றி உரையில் முதல் நன்றி வேறு ஒருவருக்குப் போகலாமா?

இன்னொன்று, "எங்களை விட்டுப் பிரிந்து செல்லும்". இதை இரங்கல் கூட்டத்தில்தான் அதிகம் கேட்கிறோம். டீச்சர் நல்ல உடல்நலத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவர் வேலையிலிருந்துதான் ஓய்வு பெறுகிறார். "எங்களை விட்டு", "பிரிந்து", "இனி காண்போமா" போன்றவை உரையில் வேறு எங்காவது இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடு.

ஏணி, தோணி, மெழுகுவர்த்தி பற்றி ஒரு சோதனை சொல்கிறேன். டீச்சர் இருக்கும் இடத்தில் உங்கள் கணித ஆசிரியரை உட்கார வைத்து அதே வாக்கியத்தைப் படி. பொருந்துகிறதா? பொருந்தினால் அது உங்கள் டீச்சரைப் பற்றிய வாக்கியமே இல்லை.

நேரக் கணக்கு: மேடையில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்கு எண்பது சொல் போகும், வேகமாகப் போனால் தொண்ணூறு. தமிழில் ஒரு சொல்லே நீளம். மேடை ஏறி நிற்க, கைத்தட்டல் அடங்க என்று அரை நிமிடம் கழித்தால் உனக்கு இருப்பது ஏறத்தாழ இருநூற்று எண்பது சொல். அறுநூறைச் சுரண்டிச் சுரண்டிப் பாதியாக்க முடியாது. புதிதாகத்தான் எழுத வேண்டும். அதற்கு முன் எனக்கு ஒன்று சொல். உங்கள் டீச்சர் செய்ததில், நீ கண்ணால் பார்த்தது, வேறு எந்த ஆசிரியரும் செய்யாதது என்ன? இரண்டு போதும்.

குணா தம்பி, "எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்" ஔவையார் பாட்டு இல்லை. அதிவீரராம பாண்டியர் எழுதிய வெற்றிவேற்கையில் வருவது. ஔவையாரின் கொன்றை வேந்தனில் இருப்பது "எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்". இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வது எங்கும் நடக்கிறது. ஆனால் ஒரு தமிழாசிரியை முன்னால் அது நடக்கக் கூடாது.

குணா_பட்டர்வொர்த்

ஓ, சரிங்க டீச்சர். இத்தனை வருஷமா ஔவையார்னே நெனச்சிட்டிருந்தேன். ஆனா அந்தக் குறள் சரியாத்தானே இருக்கு? செய்ந்நன்றி அறிதல் அதிகாரம், 110.

அம்மணி_நிபோங்தெபால்

குறளும் எண்ணும் சரி. ஆனால் அது யாரைப் பற்றிப் பேசுகிறது? நன்றி மறந்தவனுக்குத் தப்ப வழியே இல்லை என்று எச்சரிக்கிறது. ஓய்வு பெறுகிறவர் முன்னால் நின்று, நன்றி மறப்பவர்கள் கதியைச் சொல்வது இடத்துக்கு ஒட்டாது. அதே அதிகாரத்தில் 102ஆம் குறள், "காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது", உதவி கிடைத்த நேரத்தைப் பற்றியது. டீச்சர் சரியான நேரத்தில் செய்த உதவி ஒன்று உரையில் இருந்தால் இது பொருந்தும்.

எனக்குப் பிடித்தது கல்வி அதிகாரத்தில் 394: "உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்". மகிழ்ந்து கூடி, மறுபடி எப்போது பார்ப்போம் என்று நினைக்கும்படி பிரிவதுதான் கற்றவர் செய்யும் வேலை என்கிறது. பிரியாவிடையும் இருக்கிறது, கற்றவருக்கு உரிய மரியாதையும் இருக்கிறது, ஒப்பாரி இல்லை. எதுவானாலும் ஒரு குறள் போதும். அதற்குத் தேர்வுத்தாள் மாதிரி பொருள் எழுதிப் படிக்காதே.

அப்பா_சுங்கைஆரா

வணக்கம். தமிழ் டீச்சர் ஓய்வு என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் மகள் படிக்கும் பள்ளியிலும் இதேதான். போன வருடம் தமிழ் ஆசிரியர் மாற்றலாகிப் போனார், இன்றுவரை வேறு ஆள் வரவில்லை, வகுப்பே நின்றுவிட்டது. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்தில் இருக்கிறது இல்லையா? அதைச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். உங்கள் பள்ளியில் எத்தனை பேர் தமிழ் எடுக்கிறார்கள்? மேடையில் முதல்வர் எதிரிலேயே கேட்டுவிடுங்கள், தப்பே இல்லை.

யாழினி_பிறை

நன்றி அங்கிள். எங்கள் வகுப்பில் ஐந்தாம் படிவத்தில் மட்டுமே பதினைந்துக்கு மேல் இருக்கிறோம். உண்மையில், உரையின் கடைசியில் "டீச்சர் இடத்துக்கு விரைவில் ஒரு தமிழாசிரியரை அனுப்ப வேண்டும்" என்று ஒரு வரி எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

அம்மணி டீச்சர், நீங்கள் கேட்டதற்குப் பதில். எங்கள் கட்டுரைத் தாளில் டீச்சர் சிவப்பு மையால் எழுதவே மாட்டார். ஓரத்தில் பென்சிலால் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் அந்த வரியில் எழுத்துப்பிழை இருக்கிறது. இரண்டு கோடு என்றால் ஒற்றுப்பிழை. வட்டம் போட்டால் "இதை யாரிடம் சொல்கிறாய்?" என்று அர்த்தம். எந்தச் சொல் பிழை என்று காட்ட மாட்டார். நாங்களே தேடித் திருத்தி, ஆசிரியர் அறையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் அந்தக் கோட்டை ரப்பரால் அவரே அழிப்பார். ஆண்டு முடியும்போது சிலர் தாளில் ஒரு கோடும் இருக்காது.

இன்னொன்று எங்கள் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றியது. தேசியப்பள்ளியில் படித்தவன். முதல் படிவத்துக்கு வந்தபோது தமிழ் பேசுவான், ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. டீச்சர் ஓய்வு நேரத்தில் நூலகத்தில் அவனை உட்கார வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தார். இந்த ஆண்டு அவன் எங்களோடு எஸ்.பி.எம். தமிழ்மொழித் தாள் எழுதுகிறான்.

தமிழ் வகுப்பே பாட அட்டவணைக்கு வெளியில்தான். செவ்வாய், வியாழன் மதியம் இரண்டரை மணிக்கு அறிவியல் கூடத்தில் முக்காலி போட்டு உட்காருவோம்.

அம்மணி_நிபோங்தெபால்

இவ்வளவையும் வைத்துக்கொண்டா மெழுகுவர்த்தியைத் தேடிப் போனாய்! உரை இதில்தான் இருக்கிறது. அந்த ரப்பரை மட்டும் விட்டுவிடாதே. எத்தனையோ ஆசிரியர்கள் பிழையைக் காட்டுவார்கள். சரியானதும் தன் அடையாளத்தைத் தானே அழிக்கிறவரை நான் பார்த்ததில்லை.

சுங்கை ஆரா அப்பாவுக்கு: பதினைந்து பேர் கணக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதைப் பிரியாவிடை மேடையில் பதினேழு வயதுப் பெண் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. டீச்சருக்குக் கொடுத்த நான்கு நிமிடத்தில் முதல்வரைக் கேள்வி கேட்டால், அன்று எல்லாரும் நினைவில் வைப்பது அந்தக் கேள்வியைத்தான். டீச்சருக்கும் சங்கடம். புதிய ஆசிரியர் கேட்கிற கடிதம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாக, மாணவர் பெயர்ப் பட்டியலோடும் பெற்றோர் கையொப்பத்தோடும் பள்ளிக்குப் போக வேண்டும், நகல் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு. அதை விழாவுக்கு முந்திய வாரமே கொடுத்துவிடலாம். காத்திருக்கத் தேவையில்லை.

அப்பா_சுங்கைஆரா

எங்கள் பள்ளியில் கடிதம் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையே டீச்சர். பொது இடத்தில் பேசினால்தான் காது கேட்கிறது. நீங்கள் சொல்வதும் புரிகிறது, ஆனால் என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கவின்_செந்தூல்

நான் பேச்சுப் போட்டியில் மாநில அளவு வரை போனவன். டீச்சர் சொல்வதில் பாதிக்கு உடன்பாடு. ஆனால் மேடைத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது. எதுகை மோனை இல்லாமல் கோடு, ரப்பர், முக்காலி என்று சொன்னால் உரை சாதாரணமாக இருக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் தமிழ் புரியாது. அவர்கள் ஓசையைத்தான் கேட்பார்கள். அதனால் ஓசை இன்னும் முக்கியம். மெழுகுவர்த்தி வேண்டாம், சரி. தமிழின் இனிமையே தெரியாத மாதிரி ஆக்கிவிட வேண்டாம்.

அம்மணி_நிபோங்தெபால்

கவின், ஓசையை விடச் சொல்லவில்லை. வாக்கியம் குட்டையாக இருந்தாலே ஓசை வரும். "ஒரு கோடு என்றால் எழுத்துப்பிழை. இரண்டு கோடு என்றால் ஒற்றுப்பிழை." இதைச் சொல்லிப் பார், தாளம் இருக்கிறது. அலங்காரம் வேண்டுமானால் ஓர் இடத்தில் இருக்கட்டும், அதற்குத்தான் குறள். போட்டியில் நீதிபதிக்குப் பேசுகிறோம். இங்கே ஒரே ஒருவருக்குப் பேசுகிறாள்.

நெறியாளர்_பிரிக்பீல்ட்ஸ்

கோலாலம்பூரில் நிகழ்ச்சிகளை வழிநடத்துகிறவன் நான். எழுத்து விஷயத்தில் டீச்சர் பார்த்துக்கொள்வார். மேடை விஷயம் மட்டும் சொல்கிறேன்.

விளிப்பில் பெயர்களை நீயாக எழுதாதே. டத்தோ பட்டம் உள்ளவர், கல்வி அலுவலகத்திலிருந்து வருகிறவர் யாராவது கடைசி நேரத்தில் வருவார்கள். விழா நாள் காலையில் அறிவிப்பாளரிடம் இருக்கும் பட்டியலைப் பார்த்து அதே வரிசையில் சொல். உனக்கு முன்னால் பேசுகிறவர்கள் எல்லாரையும் விளித்து முடித்திருப்பார்கள். நீ முதல்வர், ஆசிரியர்கள், நண்பர்கள் என்று மூன்றோடு நிறுத்தலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெளி விருந்தினர் இருந்தால் அவர் பட்டத்தோடு ஒரு வரி கூடும்.

மலாய் பற்றி: தொடக்கத்தில் மூன்று வாக்கியம் மலாயில் சொல். இன்று நன்றி சொல்லப் போவது தமிழில், ஏனென்றால் டீச்சர் கற்றுக்கொடுத்தது அதைத்தான், உரையின் மலாய் மொழிபெயர்ப்பு உங்கள் மேசையில் இருக்கிறது, அவ்வளவு. அப்போது முதல்வரும் கூடவே வாசித்துக்கொள்வார். புரியாமல் நான்கு நிமிடம் உட்கார்ந்திருப்பது எவருக்கும் கஷ்டம். விழாவை நடத்துவதே அவர்தானே.

ஒலிவாங்கியை நிலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள். நிலையில் இருந்தால் டீச்சர் பக்கம் திரும்பியதும் குரல் விழுந்துவிடும்.

கவின்_செந்தூல்

மூன்று வாக்கியம் மலாயில் தொடங்கினால் தமிழுக்கு அனுமதி கேட்கிற மாதிரி இருக்காதா? மொழிபெயர்ப்பை மேசையில் வைத்தால் போதும். பேச்சை "வணக்கம்" என்று தொடங்கட்டும்.

நெறியாளர்_பிரிக்பீல்ட்ஸ்

அனுமதி இல்லை, மரியாதை. ஆனால் உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவளே பள்ளியைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

யாழினி_பிறை

இரண்டாவது முறை எழுதினேன். ஆசிரியர் வேண்டும் என்ற வரியை எடுத்துவிட்டேன், அதை அம்மா பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொல்கிறேன் என்றார்.

"மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர் அவர்களே, ஆசிரியர்களே, நண்பர்களே, வணக்கம்.

செவ்வாய், வியாழன் மதியம் இரண்டரை மணிக்குப் பள்ளிப் பேருந்துகள் கிளம்பிவிடும். அப்போதுதான் எங்கள் தமிழ் வகுப்பு தொடங்கும். அறிவியல் கூடத்தில் முக்காலி போட்டு உட்காருவோம். காலையிலிருந்து பாடம் நடத்திவிட்டு நீங்கள் எங்களுக்காக அங்கே வந்து நிற்பீர்கள்.

எங்கள் கட்டுரை தாளில் டீச்சர் சிவப்பு மையால் எழுதியதில்லை. ஓரத்தில் பென்சிலால் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் எழுத்துப்பிழை. இரண்டு கோடு என்றால் ஒற்றுப்பிழை. வட்டம் என்றால், இதை யாரிடம் சொல்கிறாய் என்று கேள்வி. பிழையை நாங்களே தேட வேண்டும். தேடித் திருத்திக் காட்டினால், அந்தக் கோட்டை ரப்பரால் நீங்களே அழிப்பீர்கள்.

எங்கள் நண்பன் ஒருவன் முதல் படிவத்துக்கு வந்தபோது தமிழில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஓய்வு நேரத்தில் டீச்சர் சாப்பிடாமல் நூலகத்தில் உட்கார்ந்து அவனுக்கு சொல்லி கொடுத்தார். இந்த ஆண்டு அவன் தமிழ்த் தேர்வு எழுதுகிறான்.

உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில் என்கிறார் வள்ளுவர். நீங்கள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த நலத்தோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன். நன்றி."

அம்மணி_நிபோங்தெபால்

இப்போது உங்கள் டீச்சர் தெரிகிறார். கண்ணால் பார்த்த மாதிரி இருக்கிறது.

அவர் போடும் வட்டத்தை இந்த உரைக்கே போட்டுப் பார்ப்போம். இதை யாரிடம் சொல்கிறாய்? முதல் பத்தியில் "வந்து நிற்பீர்கள்" என்கிறாய், டீச்சரிடம் பேசுகிறாய். அடுத்து "டீச்சர் எழுதியதில்லை", மண்டபத்திடம் பேசுகிறாய். மறுபடி "நீங்களே அழிப்பீர்கள்". அடுத்து "டீச்சர் சாப்பிடாமல்". கேட்கிறவர்களுக்கு நீ யாரைப் பார்த்துப் பேசுகிறாய் என்று தெரியாது. உனக்கும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும்.

ஒரே ஓர் இடத்தில் திரும்பு. அதுவரை எல்லாமே சபைக்கு: வந்து நிற்பார், கோடு போடுவார், அழிப்பார், சொல்லிக்கொடுத்தார். நண்பன் கதை முடிந்ததும் நிறுத்து. மூச்சு விடு. டீச்சர் பக்கம் உடம்போடு திரும்பி "டீச்சர்," என்று கூப்பிடு. அதற்குப் பிறகு கடைசி வரை "நீங்கள்"தான், சபைக்குத் திரும்பக் கூடாது. நெறியாளர் ஒலிவாங்கியைக் கையில் எடுக்கச் சொன்னது இந்த இடத்துக்காகத்தான் உதவும்.

"வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" எல்லா விழாவிலும் கேட்பது. எடுத்துவிட்டு, டீச்சர் செய்ததால் இப்போது உங்களிடம் என்ன மாறியிருக்கிறது என்று சொல். கோடு இல்லாத காலத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

"சாப்பிடாமல்" என்பது உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாவிட்டால் எடுத்துவிடு. செய்தது போதுமான அளவு பெரியது, கூட்டிச் சொன்னால் டீச்சருக்கே கூச்சமாக இருக்கும்.

எழுத்தில்: "கட்டுரைத் தாளில்", "அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்". நான்காம் வேற்றுமை 'கு'வுக்குப் பின்னால் வலி மிகும். 'சொல்லி' போன்ற எச்சத்துக்குப் பின்னாலும், 'கட்டுரைத் தாள்' போன்ற தொகையிலும் அப்படித்தான். அந்த ஒற்றுகள்தான் உன்னிடம் விடுபடுகின்றன. பேசும்போது இது யாருக்கும் தெரியாது. உரையை அச்சிட்டுச் சட்டம் போட்டு டீச்சரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால்தான் முக்கியம். வீட்டுச் சுவரில் அது பல வருடம் இருக்கும்.

குணா_பட்டர்வொர்த்

தங்கச்சி, அந்தப் பையன் கிட்ட கேட்டீங்களா? எழுத்து தெரியாம இருந்தவன்னு மண்டபம் முழுக்கச் சொல்றோம். பேர் சொல்லலைன்னாலும் உங்க பள்ளியில யார்னு எல்லாருக்கும் தெரியும்தானே. அவனையே மேடைக்குக் கூப்பிட்டு அந்தக் குறளைப் படிக்க வெச்சா எப்படி இருக்கும்? எனக்கு நெனச்சாலே கண்ணு கலங்குது.

அம்மணி_நிபோங்தெபால்

குணா, முதல் பாதி நான் சொல்லியிருக்க வேண்டியது, சரியாகப் பிடித்தீர்கள். இரண்டாவது பாதியில் எனக்குத் தயக்கம். அவனுக்கே ஆசை இருந்தால் படிக்கட்டும். நாம் கூப்பிட்டு நிறுத்தினால் அவனைக் காட்சிக்கு வைத்த மாதிரி ஆகும். மேடையில் ஒரு சீர் தடுமாறினால் அந்த வருத்தம் அவனோடு போகும்.

யாழினி_பிறை

அவனிடம் பேசிவிட்டேன். கதையைச் சொல்லலாம், பெயரும் சொல்லலாம் என்றான், அவனுக்கு அதில் வெட்கம் இல்லையாம். குறள் படிப்பதைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். டீச்சர் ஓய்வு நேரத்தில் சாப்பிட்டாரா என்று கேட்டேன். ரொட்டி கொண்டு வருவாராம், பாதியை அவனுக்குக் கொடுப்பாராம். அதனால் "சாப்பிடாமல்" போய், ரொட்டி வந்துவிட்டது.

முதல் பத்தியை "வந்து நிற்பார்" என்று மாற்றினேன். நண்பன் கதைக்குப் பிறகு இப்படி:

"டீச்சர், இப்போதெல்லாம் கட்டுரை எழுதி முடித்ததும் நாங்களே பென்சிலை எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் தாளை ஒருவர் வாங்கிக் கோடு போடுகிறோம். சில சமயம் எங்களுக்குள் சண்டையும் வரும், இது ஒரு கோடா இரண்டு கோடா என்று. தேர்வு மண்டபத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆனால் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் ஓரத்தைப் பார்க்காமல் எங்களில் ஒருவரும் கொடுக்க மாட்டோம். உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில். மறுபடி எப்போது பார்ப்போம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். எங்களுக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி, டீச்சர்."

கவின்_செந்தூல்

"இது ஒரு கோடா இரண்டு கோடா" என்ற வரியில் மண்டபம் சிரிக்கும். அங்கே கொஞ்சம் நில், சிரிப்பு அடங்கட்டும், பிறகு "தேர்வு மண்டபத்தில்" என்று குரலை இறக்கு. கைதட்டல் வந்தாலும் அவசரப்படாதே. எதுகை மோனை பற்றி நான் சொன்னதை இன்னமும் விடவில்லை, ஆனால் இந்தப் பத்தியில் எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

அம்மணி_நிபோங்தெபால்

நன்றாக இருக்கிறது. கடைசி வாக்கியத்துக்குப் பிறகு "இத்துடன் என் உரையை முடித்துக் கொள்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும், பழக்கம் அப்படி. சொல்லாதே. "நன்றி, டீச்சர்" என்றதும் ஒலிவாங்கியை இறக்கு.

கைப்பேசியில் பதிவு செய்து நேரம் பார். முதல் பதிவு எப்போதும் வேகமாக இருக்கும், மேடையில் இன்னும் வேகம் கூடும். மூன்றே கால் நிமிடத்தில் முடிந்தால் நீ ஓடியிருக்கிறாய் என்று அர்த்தம். "தலைக்கூடி", "உள்ளப் பிரிதல்" இரண்டையும் ஒட்டிச் சொல்கிறாயா என்று கேள். "உள்ளப்" என்பதற்குப் பின்னால் மூச்சு விட்டால் பொருள் அறுந்துபோகும்.

யாழினி_பிறை

பதிவு செய்தேன். மலாய் வாக்கியங்களோடு நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகிறது, இல்லாமல் படித்தால் மூன்றரை. மொழிபெயர்ப்பை எங்கள் மலாய் டீச்சர் பார்த்துத் தருவதாகச் சொன்னார். மேடையில் மலாயில் தொடங்குவதா வேண்டாமா என்று வகுப்பிலும் இரண்டு பக்கமாகத்தான் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு வைக்கலாம் என்றிருக்கிறோம்.

இன்னொரு சந்தேகம். உரை முடிந்ததும் டீச்சர் காலைத் தொட்டு வணங்கலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். மேடையில் செய்யலாமா?

குணா_பட்டர்வொர்த்

தாராளமா. நம்ம வழக்கம் அதுதானே.

நெறியாளர்_பிரிக்பீல்ட்ஸ்

மேடையில் எல்லாரும் பார்க்கும்போது அவர் குனிந்து தூக்க வேண்டியிருக்கும். அறுபது வயது, புடவை, கையில் மாலை, பூங்கொத்து. சிலர் அதை விரும்புவதும் இல்லை. கீழே இறங்கி அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சட்டம் போட்ட உரையைக் கொடு. மற்றதை அவர் முகத்தைப் பார்த்து அங்கே முடிவு செய்துகொள்.

அம்மணி_நிபோங்தெபால்

அதேதான். சட்டத்துக்குக் கொடுக்கும் முன்னால் அச்சுத் தாளை இங்கே ஒரு தடவை போடு, ஒற்றுப் பார்த்துத் தருகிறேன். எழுத்துரு பெரியதாக இருக்கட்டும். கீழே வகுப்பில் எல்லாரும் கையொப்பம் போட இடம் விடு. கையொப்பம் தமிழில்.

அப்பா_சுங்கைஆரா

யாழினி, உங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதத்தின் மாதிரி கிடைத்தால் பகிர முடியுமா? பெயர்ப் பட்டியலை எப்படி இணைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் மறுபடி கொடுக்கப் போகிறோம்.

யாழினி_பிறை

அம்மாவிடம் கேட்டு, பெயர்களை நீக்கிவிட்டுப் போடுகிறேன் அங்கிள். சங்கக் கூட்டம் அடுத்த சனிக்கிழமை.